எழுத்தின் மேல் எழுத்து

விளம்பரக் காட்சிகள் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அங்கே மூத்தவரான அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இது யாரு எழுதினது?” என்பது.

“நான்தான், சார்.”

“சார் எல்லாம் வேணாம். அண்ணன்னு கூப்பிடு. பின்னாடி எனக்கு வேற பேரு வச்சிருப்பாங்க, அதுவும் உன் காதுல விழும். சரி, இந்த ரெண்டாவது வரி எங்க இருக்கு?”

“கீழே இருக்கே அண்ணா. தெரியுதே.”

“இங்க தெரியுது.” மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடித் தாளை எடுத்தார். கறுப்பு மையால் கோடுகள் போட்டு, மூலையில் மேலும் கீழும் அம்புக்குறி வரைந்திருந்தது. அதைத் திரையில் இருந்த, செல்பேசியில் ஓடும் செங்குத்துக் காட்சியின் மேல் வைத்து அழுத்தினார். “இப்போ?”

அது ஒரு செருப்புக் கடை விளம்பரம். நான் எழுதிய ‘ஞாயிறு விடுமுறை’ என்ற இரண்டாவது வரி, கோடு போட்டு மூடிய பகுதிக்குள் முழுதாக விழுந்திருந்தது.

“கூர்ந்து பார்த்தா படிக்கலாம் அண்ணா.”

“விரலால தள்ளிக்கிட்டே போறவன் உன் வரியைக் கூர்ந்து பார்ப்பானா? கீழ கணக்கோட பேரு, அதுக்குக் கீழ விளக்கம், அதுக்கும் கீழ பாட்டோட பேரு. வலது பக்கம் இதயம், கருத்து, பகிர்வுன்னு வரிசையா பொத்தான். எல்லாம் உன் எழுத்து மேலதான் உட்காரும்.”

“செருப்பு விளம்பரம்தானே அண்ணா” என்றேன்.

அவர் தாளை எடுத்து, தூசி தட்டி, இழுப்பறையில் வைத்தார். பிறகு, “ஆமா. செருப்புதான்” என்றார். “மேல ஏத்து. ஏத்த இடமில்லன்னா வார்த்தையைக் குறை.”

அவருடைய இன்னொரு பெயர் அன்று மதியமே என் காதில் விழுந்தது. மார்ஜின் அண்ணன். கேமராக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, “பார்த்துக்கோம்மா, தட்டுல கூட நாலு பக்கமும் இடம் விட்டுத்தான் சாப்பிடுவாரு. ஓரத்துல கிடக்கிற பருக்கை அவருக்குச் சோறே இல்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் கை கழுவப் போனதும் கேமராக்காரர் டப்பாவை மூடிவிட்டு மீதியைச் சொன்னார்.

அண்ணன் இருபது வருடம் தொலைக்காட்சியில் எழுத்து பொருத்துபவராக இருந்தவர். பழைய பெட்டிகள் படத்தின் ஓரத்தைத் தின்றுவிடும் என்பதால், நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு விட்டு உள்ளே எழுத வேண்டும் என்பது அங்கே பாடம். அது அவருக்குக் கைவந்த பழக்கம். அளவுகோல் இல்லாமலே விரல் சரியான இடத்தில் நிற்கும். எங்கள் கூடத்துக்கு வந்து, செல்பேசிக்கான உயரமான காட்சிகள் செய்யத் தொடங்கியபோதும் அதே பத்தில் ஒரு பங்கைத்தான் விட்டார். யாரும் குறை சொல்லவில்லை.

அவருடைய அக்காவுக்கு அறுபதை நெருங்கும்போதே நினைவு மங்கத் தொடங்கியது. தம்பி பெயர் நினைவிருக்கும், வீடு நினைவிருக்காது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை எரிவாயு உருளை கொண்டு வந்தவருக்காகத் திறந்த கதவு, அவர் போன பிறகும் திறந்தே கிடந்தது. அக்கா வெளியே போய்விட்டார்.

அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் நேராக வேலைக்கூடத்துக்கு வந்து, அக்காவின் படங்களை வைத்து அரை நிமிடக் காட்சி ஒன்று செய்தார். மேலே ‘காணவில்லை’. நடுவில் முகம். கீழே, பழைய கணக்குப்படி பத்தில் ஒரு பங்கு விட்டு, மஞ்சள் நிறத்தில் பெரிதாகத் தன் செல்பேசி எண். பெரிய திரையில் பார்த்தார், செல்பேசியின் படத்தொகுப்பில் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. லட்சம் பேர் பின்தொடரும் ஒரு செய்திப் பக்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் உடனே போட்டார்கள்.

அங்கேயும் அவர் அதைப் பலமுறை பார்த்தார். பார்த்ததெல்லாம் அக்காவின் முகமும், பார்த்தவர்களின் ஏறிக்கொண்டே போன எண்ணிக்கையும்தான். எண் அவருக்கு மனப்பாடம். மறைந்த இலக்கங்களைக் கண் தானே நிரப்பிக்கொண்டது. அந்தப் பக்கத்தின் நீளமான பெயரும் இரண்டு வரி விளக்கமும் மஞ்சள் எழுத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தன. கடைசி இரண்டு இலக்கங்கள் பொத்தான்களுக்கு அடியில் போயிருந்தன.

நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஒரு அழைப்புகூட வரவில்லை. கருத்துகளில் முதல் நூறைப் படித்தார். எல்லாம் ‘கண்டிப்பா கிடைச்சிடுவாங்க’, கும்பிடும் கைகள். அதற்குமேல் படிக்க அவருக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள் அரசு மருத்துவமனைப் பிணவறையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் வந்தது. புறவழிச் சாலையில், பெயர் தெரியாத ஒரு பெண், வண்டி மோதி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் உட்கார்ந்து எல்லாக் கருத்தையும் படித்தார். ஐந்நூற்றுச் சொச்சம். நடுவில் ஒன்று, பேருந்து நிலையத்தைத் துப்புரவு செய்யும் ஒரு பெண் இரண்டாம் நாள் எழுதியது: ‘இந்த அம்மா இங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்க. நம்பர் தெரியல, எழுத்து மேல எழுத்து இருக்கு. யாராச்சும் நம்பர் போடுங்க.’ அதற்குக் கீழே எட்டு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். எண்ணை யாரும் போடவில்லை.

“அந்தப் பொண்ணைத் தேடிப் போய்ப் பார்த்தாரு” என்றார் கேமராக்காரர். “ரொட்டி வாங்கிக் கொடுத்துச்சாம். ஒரு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து பதிலுக்குக் காத்திருந்துச்சாம். அப்புறம் மேஸ்திரி கூப்பிட்டாருன்னு போயிருக்கு. திரும்பி வர்றப்போ பெஞ்சு காலி.”

அதற்குப் பிறகுதான் அந்தக் கண்ணாடித் தாள் வந்தது. மூன்று செயலிகளின் திரையைப் படமெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, எது அதிகம் மறைக்கிறதோ அதை எல்லையாகக் கொண்டு வரைந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி உயரத்தில் கீழே நானூறுக்கு மேல், மேலே இருநூற்றைம்பது. ஆயிரத்து எண்பது அகலத்தில் வலப்பக்கம் நூற்றைம்பது. செயலி புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பொத்தான்கள் கொஞ்சம் நகரும். அவரும் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வரைவார். நான் அங்கிருந்த மூன்று வருடத்தில் ஆறு முறை வரைந்தார்.

அவர் எடுத்துச் சொன்னதெல்லாம் வரி நீளம்தான். நம் மொழியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் எழுதியதைப்போல ஒன்றரை மடங்கு வரும். இரண்டையும் அடுக்கினால் கீழ் வரி இறங்கிவிடும். நான் வார்த்தையைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன். அவர் அக்காவைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒருநாள் பிற்பகல் மட்டும் தன் செல்பேசியை என் மேசையில் வைத்தார். அதே காட்சி. வேறு யாரோ எடுத்து, வேறொரு பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்தார்கள். ‘கண்டிப்பா கிடைச்சிடுவாங்க’ என்று பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள்.

“நாலு வருஷமாச்சு. இன்னும் சுத்துது” என்றார். “போட்டவங்களுக்கெல்லாம் எழுதிப் பார்த்துட்டேன். ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் போடறாங்க.”

நான் திரையைப் பார்த்தேன். மஞ்சள் எண்ணின் மேல் யாரோ ஒருவரின் பெயர் வெள்ளையாகக் கிடந்தது.

“புதுசா ஒண்ணு செஞ்சு போடலாம்னு இருக்கேன். படத்தை நான் வச்சிடுவேன். அந்த வரியை என்னால எழுத முடியல. நீ எழுதித் தாம்மா” என்றார். “ரெண்டு பாஷையிலயும். இறந்துட்டாங்க, இனிமே தேட வேண்டாம்னு. பாஷைக்கு ஒரு வரி, அதுக்கு மேல வேணாம். நம்பர் போடாத. முகத்துக்கு மேல வர்ற மாதிரி வை.”