நன்றிக்குக் கீழே கிடந்த முடிவு

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை எங்கே வந்தாலும் அந்தப் புதன்கிழமை எனக்குத் திரும்பிவிடுகிறது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடம். பதினேழு வருடம் அங்கே ஊசி பிடித்தவள் நான். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் வேலை கிடைத்திருப்பதைத் திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர்தான் கூடத்தின் முதலாளி. மறுநாளே மாதம் ஆறாயிரம் கூட்டித் தருவதாகவும், பொறுப்பாளர் ஆக்குவதாகவும் சொன்னார்.

"போறதோ இருக்கறதோ, எழுத்துல குடும்மா. நேர்ல சொன்னா சண்டை போட்டுடுவேன்."

பணம் அல்ல காரணம். சர்க்கரை, உப்பு, காமாலை என்று அதே குழாய்கள், அதே எண்கள். நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒன்றைக் கற்கும் பசி, உள்ளங்காலில் முள் மாதிரி. ஆனால் என் நைனா படுக்கையில் கிடந்தபோது வீடு தேடி வந்து பார்த்தவர் டாக்டரம்மா. அவருடைய உறவை நான் இழந்துவிடக் கூடாது.

அந்தப் பயத்தில், புதன்கிழமை நான் எழுதிய கடிதம் முழுக்க நன்றியாகவே ஓடியது. ஊதிய உயர்வுக்கு நன்றி, பதவிக்கு நன்றி, நம்பிக்கைக்கு நன்றி. விலகுகிறேன் என்பது அடியில், கையெழுத்துக்கு மேலே.

டாக்டரம்மா இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அதை வாங்கி, நாலு வரி படித்து மடித்தார்.

"இருக்கேன்ற. நல்லதாப் போச்சு. நாளைக்கே பொறுப்பாளர்னு உன் பேர்ல போர்டு எழுதச் சொல்லிடறேன்."

இத்தனை வருடத்தில் அவருக்கு நான் கொடுத்த எந்த ரிப்போர்ட்டிலும், இயல்பை மீறிய அளவை அவர் தேடும்படி விட்டதில்லை. தடித்த எழுத்தில் கண்ணில் குத்தும்படி வைப்பேன்.

"டாக்டரம்மா, அத குடுங்க. வேற எழுதித் தரேன்."

"இன்னா, தப்பா எழுதிட்டியா?"

"முடிவு கீழ கெடக்குது."

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை நீட்டினார். மாதிரிகள் வைக்கும் மேஜையில் நின்றபடியே எழுதினேன்:

'இந்த மாதம் முப்பதாம் தேதியுடன் பணியிலிருந்து விலகுகிறேன். தாங்கள் தர முன்வந்த ஊதிய உயர்வையும் பொறுப்பையும் ஏற்க இயலவில்லை. அவை பெரியவை, ஆனால் என் தேடல் வேறு துறையில். அதுவரை புதிதாக வருபவருக்கு எல்லாம் கற்றுக்கொடுப்பேன். என் தந்தைக்குச் செய்ததை மறக்கமாட்டேன்.'

மெதுவாகப் படித்தார்.

"சம்பளம் பத்தலைன்னு எழுதலியே."

"எழுதினா இன்னும் ஏத்துவீங்க."

"ஏத்துவேன்தான்." கடிதத்தின் மேல் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதி போட்டார். நிமிரவில்லை. அதன்பிறகு மாதம் முழுக்க, வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்.

முப்பதாம் தேதி சாயங்காலம் பையோடு வாசலுக்கு வந்தேன். அனுபவச் சான்றிதழை உறையில் போட்டு அவரே கொண்டுவந்தார்.

"எனக்கு எதுனா சந்தேகம்னா போன் பண்ணுவேன். எடுப்பியா?"

"எடுப்பேன் டாக்டரம்மா."

"வேலையில இருக்கறேன்னு கட் பண்ணாத. போ, பஸ் வந்துடும்."