மாத்திரைக்குப் பதிலாக ஊற்றிய எண்ணெய்

நடந்தது இதுதான்.

1. வில்லியனூர் பக்கம் நான் பரிசோதகராக இருக்கும் எண்ணெய் ஆலையிலிருந்து, பாகூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு டின் தவிட்டு எண்ணெய் கொண்டுபோனேன்.
2. தவிட்டு எண்ணெயில் இயற்கையாக இருக்கும் ஒரைசனால் என்ற சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று டின்னில் போட்டிருந்ததை அப்பா படித்தார்.
3. கொலஸ்ட்ராலுக்குப் போட்டுவந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் சோற்றில் எண்ணெயைப் பச்சையாக ஊற்றிக்கொண்டார்.
4. அடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா அப்பாவைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் என்னிடம் திரும்பி, "உங்க எண்ணெயில அந்த ஒரைசனால் நெஜமாவே இருக்குதா?" என்றார்.

"இருக்குது மேடம். எண்ணெயில இருக்கற அமிலத்தை எடுக்க காஸ்டிக் சோடா போட்டா, ஒரைசனால் பெரும்பாலும் சோப்புக் கழிவோட போயிடும். நாங்க நீராவியில அமிலத்தை எடுக்கறோம். அதனால நிறைய தங்கும்."

"கேட்டீங்களா மேடம்? எம் பொண்ணு டெஸ்ட் பண்ண எண்ணெய்" என்றார் அப்பா.

"பொண்ணு மேல தப்பு இல்லப்பா. எண்ணெயும் நல்ல எண்ணெய்தான். கொஞ்சம் கொறைக்கும். ஆனா உனக்குக் கொஞ்சம் பத்தாது. வூட்டுல முன்ன ஊத்துன எண்ணெய்க்குப் பதிலா இத ஊத்து. மாத்திரைக்குப் பதிலா ஊத்தாத."

"அப்ப சோத்துல?"

"சோத்துல கொழம்ப ஊத்துப்பா."

அப்பா சிரித்துவிட்டார். எண்ணெயையும் குறை சொல்லாமல், அவரையும் தலைகுனிய வைக்காமல் பேசிய அந்த நிதானத்தை இன்னும் வியக்கிறேன்.

இப்போது குழம்பு தவிட்டு எண்ணெயில் தாளிக்கப்படுகிறது. இரவு அப்பா மாத்திரை போடுகிறார். கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறதா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும்.