அட்டைப்பெட்டிகளைப் பற்றிய பத்தி

பட்டறையில் அவனை எல்லோரும் அளவுகோல் என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பதினெட்டு வருஷம் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டிய ஆள். பெட்டியில் டேப் ஒட்டும்போது ஒரு நூலிழை சாய்ந்தாலும் பிரித்து மறுபடி ஒட்டுவான். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை மின்னணுவியல் டிப்ளமோ முடித்தாள், ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தாள், பிறகு வேலையை விட்டுவிட்டு வாடகைக்கு இரண்டு அறை பிடித்துக் கடைகளுக்கான மின்னணுத் தராசு செய்யத் தொடங்கினாள். அவனும் கிடங்கு வேலையை உதறிவிட்டு அவளோடு வந்துவிட்டான். யார் வந்தாலும், டீ சொல்வதற்கு முன்பே, "தராசு உள்ளே இருக்கிற போர்டை எம்பொண்ணு மாதிரி வளர்த்த என் தங்கச்சியே டிசைன் பண்ணினா" என்று சொல்லிவிடுவான். "எம்பொண்ணு மாதிரியாம்! என்னை விடப் பத்து வயசுதான் பெரியவன்" என்று அவள் உள்ளிருந்தே கத்துவாள்.

முதல் பெரிய ஆர்டர் அறுபது தராசு. வெளியூரில் ஏழெட்டுக் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி கேட்டிருந்தார். பாகங்கள் வாங்க வங்கியில் கடன். அந்தக் கடனுக்காகவே வங்கிக்காரர்கள் சொல்லித் தங்கை தன் பெயரில் உள்நாட்டுப் போக்குவரத்து இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தாள். கட்டின பிரிமியத்தை நினைத்து அவன் இரண்டு நாள் முணுமுணுத்தான்.

லாரி கிளம்பின மறுநாள் கொட்டித் தீர்த்தது மழை. மூன்றாம் நாள் வியாபாரியின் கிடங்குக்காரர் போன் செய்தார்: "பெட்டி எல்லாம் ஊறிப் போயிருக்கு. இறக்க முடியாது. ரசீதுல எழுதித் திருப்பி அனுப்பிட்டேன்." நான்காம் நாள் காலையில் அதே லாரி அறுபது பெட்டிகளையும் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அட்டை கூழாகி, கையில் எடுத்தாலே பிய்ந்து வந்தது.

"சீக்கிரம் பிரி, அண்ணா. ஒவ்வொரு மணி நேரமும் துரு ஏறும்" என்றாள் தங்கை.

அவன் பிரித்தான். அவள் போர்டுகளைக் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவி விசிறிக் காற்றில் வைத்தாள். இதுவரை எல்லாம் சரிதான். மீட்க முடிந்ததை மீட்பது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது. ஆனால் அவன் அத்தோடு நிற்கவில்லை. அறுபது தராசையும் துடைத்தான். தட்டுகளைப் பளபளக்கத் தேய்த்தான். நாறிக்கொண்டிருந்த அட்டையையும் கிழிந்த பாலிதீன் உறைகளையும் மத்தியானமே பழைய பேப்பர் வண்டியில் ஏற்றிவிட்டுத் தரையைக் கழுவினான். பிறகுதான், ஆதாரம் வேண்டுமே என்று, வரிசையாக அடுக்கி வைத்துப் போட்டோ எடுத்தான். போட்டோ அழகாக வந்திருந்தது. சாயங்காலம் தங்கை இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துச் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் மெலிந்த மனிதர். கையில் ஒரு டார்ச்சு, ஒரு அளவு டேப். வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தார்.

"என்னங்க இது, கண்காட்சியா?"

"சேதமான சரக்கு சார்" என்றான் அவன்.

"சேதம் எங்கே? ஷோரூம் மாதிரி இருக்கு. பேக்கிங் எங்கே?"

"போட்டுட்டேன் சார். நாத்தம் தாங்கல."

"எங்கே போட்டீங்க?"

"பழைய பேப்பர்ல."

சர்வேயர் டார்ச்சை அணைத்தார். "நீங்க எப்படிக் கட்டினீங்கன்னு நான் எதை வச்சுச் சொல்றது? பேக்கிங் சரியில்லாம நனைஞ்சிருந்தா கிளெய்ம் கிடையாது. சரியா கட்டியும் நனைஞ்சா உண்டு. அதைக் காட்ட வேண்டிய ஒரே சாட்சியை நீங்களே அனுப்பி வச்சிருக்கீங்க."

அவர் தராசுகளைத் திறந்து உள்ளே பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். எழுத்தில் கிளெய்ம் கடிதமும் ஆவணங்களும் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு அவன் பழைய பேப்பர் கடைக்கு ஓடினான். கடைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அதெல்லாம் அன்னிக்கே கட்டு போட்டு மில்லுக்குப் போச்சு. இந்நேரம் புது அட்டையா வந்திருக்கும். வேணும்னா வாங்கிக்கோ" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எதிரே நின்றவனின் முகம் அப்படி இருந்தது. "என்னப்பா, உள்ளே பணம் கிணம் வச்சிருந்தியா?"

"ஆமாங்க" என்றான் அவன். திரும்பி நடந்தான்.

அறுபதில் பதினொன்றுதான் உயிர் பிழைத்தது. நாற்பத்தொன்பது போர்டுகளிலும் எடை உணரும் பாகங்களிலும் பச்சைப் பூசணம் பூத்தாற்போல் துரு. இந்தப் பணம் வராவிட்டால் தங்கை இரண்டு அறையையும் காலி செய்துவிட்டுப் பழைய கம்பெனியிலேயே போய் நிற்க வேண்டும். வேலையை விட்டபோது "திரும்பி வருவே பாரு" என்று சொல்லி அனுப்பிய மேலாளர் இன்னும் அங்கேதான் இருந்தார். அதை அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

மறுநாள் பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் வந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சார், கடிதத்துல ஒரு வரி மாத்திடுங்க. பெட்டியெல்லாம் லாரி ஆபீஸ்லயே கிழிஞ்சு போச்சு, அவங்களே குப்பையில போட்டுட்டாங்கன்னு எழுதுங்க. யார் போய்ப் பார்க்கப் போறாங்க?"

"சர்வேயர்கிட்ட நானே சொல்லிட்டேனே."

"வாயால சொன்னது. பதட்டத்துல உளறிட்டேன்னு சொல்லிக்கலாம். எழுத்துல கொடுக்கிறதுதான் நிக்கும்."

ஏஜென்ட் போன பிறகு அவன் வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தான். கடிதம் எழுதுவது அவனுக்குப் புதிதல்ல. கிடங்கில் குறைந்த சரக்குக்குப் புகார் எழுதியவன் அவன்தான். இந்தத் தாளில் மட்டும் கை ஓடவில்லை. இரண்டு தடவை ஏஜென்ட் சொன்ன வரியை எழுதினான், இரண்டு தடவையும் கிழித்தான். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாலிசி தங்கை பெயரில். பொய் பிடிபட்டால் கிளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே செல்லாமல் போகும், மோசடிக்காரி என்ற பெயரும் அவளுக்குத்தான்.

"பாப்பா, இங்கே வா. நான் தப்பு பண்ணினதை எழுதட்டுமா, மறைக்கட்டுமா?"

அவள் சாலிடரிங் கருவியை வைத்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. புகைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"நீ ஒழுங்கா பண்ணினதையும் எழுது, தப்பா பண்ணினதையும் எழுது. நான் கையெழுத்து போடறேன். பணம் வராட்டி அந்தக் கம்பெனிக்குப் போறேன். பொய்யெழுதிப் பணம் வந்தாலும் எனக்குத் தூக்கம் வராதுண்ணா, ஏற்கெனவே வரல."

கடிதம் இப்படி வந்தது:

"ஐயா,

பொருள்: போக்குவரத்தில் சேதமடைந்த சரக்குக்கான இழப்பீட்டுக் கோரிக்கை.

மேற்படி பாலிசி அனைத்து இடர்களுக்குமானது. எண்ணும் காலமும் இணைப்பில் உள்ளன. அறுபது மின்னணுத் தராசுகள் இம்மாதம் ஒன்பதாம் தேதி லாரியில் ஏற்றப்பட்டன. பதினொன்றாம் தேதி வாங்குபவர் பெட்டிகள் நனைந்திருந்ததைக் கண்டு டெலிவரி ரசீதில் அவ்வாறே குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார். நாற்பத்தொன்பது தராசுகளின் மின்பாகங்கள் துருவேறிப் பயன்படாமல் போயின. பதினொன்று மீட்கப்பட்டன.

அட்டைப்பெட்டிகளையும் பாலிதீன் உறைகளையும் சரக்கு திரும்பி வந்த அன்றே என் அண்ணன் அகற்றிவிட்டார். லாரி நிறுவனத்தார் அகற்றவில்லை. துரு ஏறாமல் காப்பதற்காகப் பிரித்தோம். பெட்டிகளை வைத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. இது எங்கள் தவறு. பொதி கட்டிய முறையை எப்போது வேண்டுமானாலும் செய்து காட்டுவோம்.

இணைப்பு: பாலிசி, விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், லாரி ரசீது, குறிப்பெழுதிய டெலிவரி ரசீது, லாரி நிறுவனத்தின் சேதச் சான்றிதழ், அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய இழப்பீட்டு நோட்டீஸின் நகலும் அதன் ஒப்புகையும், புகைப்படங்கள் (துடைத்த பிறகு எடுத்தவை), கோரும் தொகையின் கணக்கு."

துடைத்த பிறகு எடுத்தவை என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டது அவன்தான். கடிதத்தை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். ஏஜென்ட் படித்துவிட்டு, "உங்க கழுத்தை நீங்களே அறுத்துக்கிட்டீங்க" என்றார். அப்புறம் ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. வங்கியிலிருந்து மட்டும் இரண்டு போன் வந்தது.

பத்தாம் நாள் சர்வேயர் வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"செய்து காட்டுவோம்னு எழுதியிருக்கீங்களே. கட்டுங்க."

அவன் கட்டினான். தராசைப் பாலிதீன் உறையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்து டேப் ஒட்டினான், நாலு மூலையிலும் தெர்மோகோல் வைத்தான், பெட்டியை மூடி இணைப்பு முழுக்க டேப் இழுத்தான். ஓரிடத்தில் டேப் சாய்ந்தது. பழக்கம் விடவில்லை. பிரித்து மறுபடி ஒட்டினான். சர்வேயர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க." பெட்டியின் மேல் மழை மாதிரி ஊற்றச் சொன்னார். அரை மணி நேரம் கழித்துப் பிரித்தார்கள். உள்ளே தராசு காய்ந்தே இருந்தது. அவன் மூச்சு விட்டான்.

"இன்னொண்ணு கட்டுங்க."

அதை ஒரு பெரிய தொட்டியில் நாலு விரல் உயரத் தண்ணீரில் நிற்க வைத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. பெட்டியைத் தூக்கியபோது அடி அட்டை கையோடு வந்தது. பாலிதீன் மடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "முடிஞ்சுது, பாப்பா. என் பேக்கிங்தான் ஓட்டை."

சர்வேயர் அவனைப் பார்க்கவேயில்லை. ஈரம் ஏறியிருந்த உயரத்தை டேப்பால் அளந்தார். பிறகு சேதமான தராசுகளின் உட்புறத்தை ஒவ்வொன்றாக அளந்தார். துருவின் மேல்விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே கோடாக இருந்தது.

"லாரியில எப்படி வச்சாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு மேல ஒண்ணு வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். அதனால ஒரே அடுக்கா தரையில பரப்பினாங்க சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான். வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே, "மேல இருந்து பெய்யற மழைக்குத்தான் பெட்டி கட்டுவாங்க. லாரித் தரை குளமானா அதுக்கு யாரும் கட்ட முடியாது" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒப்புதல் கடிதம் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. பயன்படும் தட்டுகளுக்கும் கூடுகளுக்கும் மதிப்புப் போட்டுக் கழித்திருந்தார்கள். பெட்டிகளைப் பத்திரப்படுத்தத் தவறியதால் மீதியிலும் முக்கால் பங்குதான். கையெழுத்திட்டு அனுப்பினால் பணம் வரும்.

அவன் கடிதத்தை மூன்று தடவை படித்தான். அந்தக் கால் பங்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. வங்கிக் கடன் அடையும். இரண்டு அறைக்கும் வாடகை கட்டக் காணாது.

"அந்தக் கால் பங்கு என் கையாலே போச்சு" என்றான்.

"போச்சு" என்றாள் தங்கை. மறுக்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "முன்னறையை விட்டுடலாம். பின்னறையில ஒரு மேசை போதும். நீ மட்டும் தயவு செஞ்சு அடுத்த ஒரு மாசத்துக்குத் துடைப்பத்தைத் தொடாதே."

முன்னறையில் இருந்த நீள மேசையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கதவில் இடிக்காமல் இருக்கச் சற்றுச் சாய்க்க வேண்டியிருந்தது.