ஒரு பழம் என்று எழுதப்பட்ட தம்ளர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்தான் ஜூஸ்காரர். ஆனாலும் தள்ளுவண்டியில் ஆரம்பித்து, பேருந்து நிலைய வாசலில் சொந்தக் கடை போட்டு நிமிர்ந்தவர். பழத்தைக் கையில் எடுத்தாலே எத்தனை மிடறு தேறும் என்று சொல்லிவிடுவார். அவர் கடை ஜூஸில் ஒரு திப்பி நாக்கில் தட்டாது. இரண்டு தடவை வடிகட்டுவார், இரண்டாவது தடவை மெல்லிய துணியில். "சக்கை மாட்டுக்கு, சாறு மனுஷனுக்கு" என்பது அவரே கட்டிய வசனம். கடைச் சுவரில் எழுதியும் வைத்திருந்தார்.

அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது மகனா மருமகளா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை சர்க்கரை ஏறிக் கிடந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் அதே கதை.

ஜூஸ்காரருக்கு மானம் போயிற்று. மாத்திரையை எண்ணி உள்ளங்கையில் வைப்பவர் அவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டில் வேளாவேளைக்கு எழுதுபவரும் அவரே. காலையில் ஒரு ஆரஞ்சு, மாலையில் ஒரு ஆரஞ்சு என்று சொல்லியிருந்தார்கள். அதையும் கடையிலிருந்து தன் கையால் பிழிந்து எடுத்து வருவார். கட்டினவளுக்குக் குறை வைக்கலாமா? ஒவ்வொரு வேளையும் மூன்று பழம் பிழிந்து பெரிய தம்ளர் நிறையக் கொடுப்பார். நோட்டில் ‘ஆரஞ்சு – 1’.

அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால்? திருட்டுத் தீனிதான். பீரோவைக் குடைந்தார், அரிசி டின்னுக்குள் கையை விட்டார். பேரனுக்கு வாங்கிய இரண்டு மிட்டாய் அகப்பட்டது. போதாதா? இரண்டு மகன்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்கம்மாவுக்குக் கண்ணு வேணாமாம், வாய்தான் வேணுமாம்" என்றார். அந்த அம்மாள் தொடவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பெரியவன் தரையைப் பார்த்தான். சின்னவன், "ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கேட்டான்.

மூன்றாம் முறை நாள் குறிக்குமுன் உணவு ஆலோசகரைப் பார்த்து வரச் சொன்னார்கள். மகள் வயசுப் பெண். நோட்டைப் புரட்டிக்கொண்டே பழத்தை எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்டாள். ஜூஸ்காரர் பெருமை பொங்க, துணியில் வடிகட்டுவது வரை சொன்னார். பேனா நின்றது.

"எத்தனை பழம்யா ஒரு தம்ளருக்கு?"

"மூணு. நம்ம வீட்டுல பழத்துக்கா பஞ்சம்?"

ஒரு முழுப் பழத்தில் சுமார் அறுபது கலோரி, மூன்று கிராம் நார்ச்சத்து என்றாள் அவள். இவர் தரும் தம்ளரில் நூற்றுப்பத்துக் கலோரி, நார்ச்சத்து அரை கிராம் இருந்தால் அதிசயம். அப்படி நாளுக்கு இரண்டு தம்ளர்.

ஜூஸ்காரர் விடுவாரா? கடையில் ஒட்டியிருந்த அட்டவணை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "பாப்பா, நூறு கிராம் பழமும் நூறு கிராம் ஜூஸும் கலோரியில ஏறக்குறைய ஒண்ணுதான். எனக்கே பாடமா?"

"நூறு கிராமுக்கு ஒண்ணுதான்யா. ஆனா இவங்க குடிக்கிறது இருநூத்தம்பது. மூணு பழத்தை உரிச்சு வெச்சா ஒண்ணு தின்னதுமே வயிறு போதும்னு சொல்லும். தம்ளர்ல ஊத்தினா ஒரே மூச்சு. பழத்துக்குள்ள நாரோட சிக்கியிருந்தா சர்க்கரை மெதுவா ரத்தத்துல இறங்கும். பிழிஞ்சு வடிகட்டிட்டா அது சும்மா சர்க்கரைத் தண்ணிதான். எங்க கணக்குல சீனியோட சேர்த்துத்தான் எண்ணுவோம்."

மூன்று பழத்தின் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்கையோடு போய்விடும், நார்ச்சத்தோ ஏறக்குறைய முழுசாகவே போய்விடும் என்றும் சொன்னாள். பிறகு அந்த அம்மாளிடம் இனிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். "நம்புறேன்மா. சர்க்கரை எகிற இந்த ரெண்டு தம்ளரே போதும்" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது மனைவி வாய் திறந்தார்.

"பசங்ககிட்ட சொல்லிடுங்க."

"என்னத்த?"

"நான் திருடித் தின்னலைன்னு."

"அதுங்க எப்பவோ மறந்திருக்கும். விடு."

"நான் மறக்கலைங்க."

அன்று இரவு மகன்கள் கேட்டதற்கு, மாத்திரையை மாற்றுவார்களாம் என்று சொல்லிவிட்டு ஜூஸ்காரர் கை கழுவ எழுந்துபோனார். ஐம்பது வருஷமாகப் பழத்தில் புழங்கியவனுக்குப் பழம் தெரியவில்லை என்று பெற்ற பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் முதல் அந்த அம்மாள் ஆரஞ்சைத் தடவித் தடவித் தானே உரித்துச் சுளை சுளையாக மென்றார். தம்ளர் வந்தால் நகர்த்தி வைத்தார். ஆறு வாரத்தில் சர்க்கரை இறங்கியது, ஆபரேஷனும் நடந்தது. துணைக்குத் தங்கையை அழைத்துப் போனார். ஜூஸ்காரரைக் கூப்பிடவில்லை.

கட்டுப் பிரித்த அன்று ஜூஸ்காரர் எதிரே போய் நின்று, தெரிகிறதா என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது" என்றார் மனைவி. தங்கை பக்கம் திரும்பிக்கொண்டார்.