எண்பதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே மூன்று ஏக்கர்

நடந்தவை இவை:

1. தை மாதம் ஒரு நிலத்துக்காரரின் கிணற்றுமேட்டில் சூரிய எஞ்சினை நிறுத்தினோம்.
2. பங்குனியில் அவரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தார்கள். எஞ்சின் எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று என்னைக் கேட்டார்கள். மூன்று என்றேன். அதை நம்பி அண்ணன் டீசல் எஞ்சினைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார்.
3. சித்திரையில் அண்ணன் தன் பங்கு மூன்று ஏக்கரிலும் கோடைப் பட்டமான சொர்ணவாரிக்கு நெல் நட்டார்.
4. ஆனியில், கதிர் வெளிவரும் வாரத்தில், தண்ணீர் போதவில்லை.

இந்த நான்கில் இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்ற மூன்றும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

டீசலுக்கு டின்னோடு வரிசையில் நின்ற காலம் அது. சென்னையில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடம் வெயிலில் ஓடும் நீரிறைப்பு எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தது. அதைக் கிராமத்தில் வைத்துச் சோதிக்க உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். இயந்திரப் பொறியியல் முடித்து ஒரு வருடம் ஆகியிருந்த என்னை அங்கே அனுப்பினார்கள். நிலத்துக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தண்ணீர் இலவசம், இடம் அவருடையது, இயந்திரம் எங்களுடையது. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

எஞ்சின் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இப்படிச் சொல்வேன்: கறுப்புப் பூசி மேலே கண்ணாடி போட்ட தகடுகள் வெயிலை வாங்கித் தம்முள் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும். அந்தச் சுடுநீர், குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஒரு திரவத்தை ஆவியாக்கும். ஆவி பிஸ்டனைத் தள்ளும். வேலை முடிந்த ஆவியைக் கிணற்றுத் தண்ணீர் குளிர்வித்து மறுபடி திரவமாக்கும். பிஸ்டன் பம்பைச் சுற்றும்.

"அப்பளம் காய வெச்ச மாரி கீது" என்றார் ஒரு பெரியவர். அன்றிலிருந்து ஊரில் அது அப்பள எஞ்சின்.

பாகம் பிரித்த அன்று காலை என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். வீட்டு வாசலில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நிலமும் மாடும் பிரித்தாகிவிட்டது. டீசல் எஞ்சின் மட்டும் ஒன்றே ஒன்று. அதற்குத்தான் பேச்சு.

"இன்ஜினீரம்மா, ஒங்க அப்பள எஞ்சின் எத்தினி ஏக்கர் பாயும்? பட்டுனு சொல்லு" என்றார் அந்தப் பெரியவர்.

நோட்டில் கணக்கு இருந்தது. தகட்டிலிருந்து வரும் நீர் எண்பது டிகிரி. கிணற்று நீர் இருபத்தெட்டு. குறையே இல்லாத ஒரு எஞ்சின் இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவே ஓடினால் தான் வாங்கும் வெப்பத்தில் எவ்வளவை வேலையாக மாற்றும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சூடான பக்கத்து வெப்பநிலையால் வகுக்க வேண்டும். வகுக்கும்போது அந்த வெப்பநிலையை உறைநிலையிலிருந்து எண்ணக்கூடாது. இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐம்பத்திரண்டை முந்நூற்று ஐம்பத்து மூன்றால் வகுத்தால் நூற்றுக்குப் பதினைந்துக்குச் சற்றுக் குறைவு. எந்த மேதை வந்தாலும் அதற்கு மேல் வாங்க முடியாது. நிஜ எஞ்சின் அதில் பாதி தரும் என்று எடுத்துக்கொண்டு ஏழு என்று வைத்திருந்தேன். ஏழுக்கு மூன்று ஏக்கர் வந்தது.

"மூணு ஏக்கர் பாயுங்க" என்றேன்.

"கோடையிலயுமா?"

"கோடையிலதான் வெயில் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். பதில் நன்றாக இருந்தது. அண்ணன் தம்பியைப் பார்த்து, "நீ அந்த எஞ்சின எடுத்துக்கினு போடா. எனக்கு சூரியன் கீறான்" என்றார். தம்பி மறுநாளே டீசல் எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றித் தன் கிணற்றுக்குக் கொண்டுபோனார். வண்டி கிளம்பும்போது, "சூரியன் லீவு போட்டா சொல்லியனுப்பு" என்றார் கேலியாக. அண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அதன் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

சித்திரையில் நடவு முடிந்தது. முதல் மாதம் பயிருக்குத் தண்ணீர் போதுமானதாக இருந்தது. கிணற்றில் ஊற்று இருந்தது, ஒரு கோடை மழையும் பெய்தது. வைகாசி கடைசியில் மூன்றாவது ஏக்கருக்குத் தண்ணீர் எட்டவில்லை. ஆனி பிறந்ததும் இரண்டாவதுக்கும் எட்டவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு, தகடுகளைத் தொட முடியாத வெயிலில், சோர்ந்துபோன ஆளைப்போல ஓடியது.

நான் சரிபார்த்தவற்றை எழுதி வைத்திருக்கிறேன். பிஸ்டன் வளையம், சரி. திரவக் கசிவு, இல்லை. பம்பு, சரி. கண்ணாடியில் தூசி, துடைத்தேன். தகட்டில் ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்துத் தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றிப் பார்த்தேன். எஞ்சினுக்கு அது நல்லதுதான். ஆனால் தகடு சூடேறச் சூடேறத் தன் வெப்பத்தைக் காற்றுக்கு அதிகமாக விட்டது. எஞ்சினுக்கு வந்த வெப்பமே குறைந்துபோனது. இங்கே கிடைத்தது அங்கே போய்விட்டது.

கடைசியாகத்தான் வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினேன். முப்பத்தைந்து.

மறுபடி இறக்கினேன். முப்பத்தைந்துதான்.

காரணம் என் கண்ணெதிரிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. ஆவியைக் குளிர்வித்துவிட்டு வெளியே வரும் தண்ணீரை ஒரு குழாய் வழியாகக் கிணற்றுக்கே திருப்பி விட்டிருந்தேன். தை மாதம் அதை வரைந்து காட்டியபோது நிலத்துக்காரர் சந்தோஷப்பட்டார். "ஒரு சொட்டு வீணாக்காம கெணத்துக்கே வுட்டுட்டீங்களே" என்றார். தண்ணீருக்கு அலைகிற ஊரில் எல்லோருக்கும் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது, எனக்கும்தான். தையில் கிணறு நிறைய இருந்தது, அந்தச் சூடு தெரியவில்லை. ஆனியில் இடுப்பளவுத் தண்ணீர். வெப்பத்தைக் கொட்ட வேண்டிய இடத்தை நாங்களே நாள் முழுக்கச் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டேன். கிணறு மட்டும் குற்றவாளி இல்லை. எண்பது டிகிரி என்பது தகட்டு நீரின் வெப்பநிலை. பிஸ்டனைத் தள்ளும் ஆவியின் வெப்பநிலை இல்லை. ஆவி எழுபதில்தான் இருந்தது. குளிர்ந்த பக்கத்திலும் அப்படியே: கிணறு இருபத்தெட்டாக இருந்த நாளிலும் ஆவி முப்பத்தெட்டில்தான் திரவமாகியிருக்கும். இப்போது நாற்பத்தைந்தில். எழுபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே குறையில்லாத எஞ்சினுக்கே நூற்றுக்கு ஏழுதான் கிடைக்கும். எங்களுடையது உராய்விலும், திரவத்தைத் திரும்பக் கொதிகலனுக்குத் தள்ளுவதிலும் பாதிக்கு மேல் இழந்து மூன்று தந்தது. நான் ஏழு என்று நம்பியிருந்தேன். நீர்மட்டம் இறங்கியதால் ஒவ்வொரு குடத்தையும் இன்னும் ஆழத்திலிருந்து தூக்க வேண்டியிருந்தது, அது வேறு.

நிலத்துக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நோட்டைக் காட்டி இரண்டு கணக்கையும் சொன்னேன்.

"காயிதத்துல பதினஞ்சின்னீங்க. இங்க மூணா?"

"ஆமாங்க ஐயா."

"நடுவுல எவன் தின்னான்?"

சொல்லிப் பார்த்தேன். தகட்டிலிருந்து திரவத்துக்கு வெப்பம் போக வேண்டுமானால் தகடு கொஞ்சமாவது அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். அந்த இடைவெளியை ஒன்றுமில்லாமல் ஆக்கினால்தான் பதினைந்து வரும். ஆனால் அப்போது வெப்பம் நகரவே நகராது. நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு குடம் தண்ணீர் வராது. வேகம் வேண்டுமானால் இடைவெளி விட வேண்டும். விட்ட இடைவெளி திரும்பி வராது.

அவர் வாய்க்காலின் சரிவைக் காட்டினார். "வாட்டம் இல்லாம தண்ணி ஓடாது, அதானே? ஒவ்வொரு மடைக்கும் கொஞ்சம் வாட்டம் குடுத்துக்கினே வந்தா கடேசி மடையில பள்ளமே இருக்காது. மோட்டுக்கும் பள்ளத்துக்கும் எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு, நடுவுல எத்தினி மடைன்னு நீங்க எண்ணல."

நான் எண்ணவில்லை. அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

குழாயை மறுநாளே கிணற்றிலிருந்து எடுத்து வாய்க்காலுக்குத் திருப்பினேன். கொஞ்சம் தேறியது. ஒரு ஏக்கர் பிழைக்கும், மூன்றுக்கும் பங்கு போட்டால் மூன்றும் போகும் என்று அவரிடம் சொன்னேன். எந்த ஏக்கர் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் மடையை மாற்றி மாற்றித் திறந்தார். மூன்றாம் நாள் கிணற்றை ஒட்டிய ஏக்கரைக் காட்டினார்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா எஞ்சின் வந்துடும்" என்றேன்.

"பாகம் பிரிச்சப்ப ஊரே பாத்துச்சும்மா."

நான் அவருக்குத் தெரியாமல் தம்பியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, "இன்ஜினீரம்மா வந்து கேட்டா எப்டி? ஒடம்பொறந்தவன் வாயத் தொறக்கட்டும். இல்லன்னு சொல்லிடுவனா நானு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் கேட்டால் உடனே கொடுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாயைத் திறந்தது அண்ணனின் மனைவி. ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்று, "எங்கூட்டுக்காரரு கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன் நைனா" என்றார்களாம். மத்தியானத்துக்குள் டீசல் எஞ்சின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. தம்பியே கைப்பிடி போட்டுச் சுற்றினார். இருக்கிற தண்ணீரை உறிஞ்சியெடுத்துக் காய்ந்த இரண்டு ஏக்கருக்கும் பாய்ச்சினார். அண்ணன் மண்வெட்டியோடு மடையில் நின்றார். இருவரும் மூன்று நாள் அப்படி வேலை செய்தார்கள். எஞ்சின் சத்தத்தில் பேச வேண்டிய தேவையும் இல்லை.

பயிர் பச்சையானது. அந்தப் பச்சையைப் பார்த்து அண்ணனின் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் குடித்தேன். பூ எடுக்கும் வாரத்தில் காய்ந்த நெல்லுக்கு, பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பால் பிடிக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

ஆடியில் அறுத்தார்கள். ஒரு ஏக்கரில் நெல். இரண்டு ஏக்கரில் கதிர் தலை குனியாமல் நிமிர்ந்து நின்றது. அதைத் தூற்றியபோது நான் களத்தில் இருந்தேன். முறத்திலிருந்து விழுந்ததில் பெரும்பகுதி பதராகக் காற்றோடு போயிற்று. "மாட்டுக்கு ஆவும்" என்றார் அவர், வைக்கோலைக் காட்டி.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார். "நீங்க பொய் சொல்லலம்மா. தெரியாததத் தெரியும்னுட்டீங்க. அவ்ளோதான்."

பொய் சொன்னதாகச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்.

சோதனை அந்த வருடத்தோடு முடிந்தது. தகடுகளைப் பிரித்து லாரியில் சென்னைக்கு அனுப்பினோம். அறிக்கையில் நான் எழுதியது: குறையற்ற எஞ்சினின் உச்ச வரம்பு நூற்றுக்குப் பதினைந்து, கோடையில் அளந்தது மூன்று, குறைவுக்கான காரணங்கள் ஐந்து. பயிரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அறிக்கைக்கு அது தேவையில்லை என்று மேலதிகாரி அடித்துவிட்டார். நான் திரும்ப எழுதவில்லை.

இப்போது அந்த மூன்று ஏக்கரையும் தம்பிதான் பயிர் செய்கிறார். அண்ணனும் அண்ணியும் மகளோடு காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். அண்ணன் ஒரு நெசவுக்காரர் வீட்டில் காவலுக்கு இருக்கிறார். கிணற்றுமேட்டில் நாங்கள் போட்ட சிமெண்டுத் தளம் மட்டும் அப்படியே கிடக்கிறது. நான் அதே ஆராய்ச்சிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாக அந்த ஊருக்குப் போகவில்லை.