யுஸ்ரா லேப்டாப்பைத் திறந்த மாலை

தப்பு என்மீதுதான். தூத்துக்குடியில் பதினாறு வருஷமாக லேப்டாப் கடை நடத்துகிறவன், விண்டோஸ் ஏற்றிவிட்டு வைஃபை எடுக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்தால் வேறு யாரைத் திட்டுவது?

யுஸ்ரா காயல்பட்டினத்துப் பெண். துபாயிலிருந்த அவள் கணவர் யாசிர்தான் அந்த லேப்டாப்பை என்னிடம் சொல்லி வைத்தவர். பெட்டி என் கடைக்கு வந்த வாரமே அங்கே மாரடைப்பில் மௌத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. கணவன் இறந்தபின் பெண் வீட்டோடு இருக்கும் துக்கக் காலமான இத்தாவில் அவள் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டாள், அந்நிய ஆண் முன்னால் நிற்கவும் மாட்டாள். ஆன்லைனில் பாடம் நடத்தும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. அன்று ஆறு மணிக்கு முதல் வகுப்பு; தவறினால் வேலை வேறு ஆளுக்கு.

நாலு மணிக்கு அவள் வீட்டிலிருந்து போன் வந்தது. லேப்டாப் நெட் கேட்டு நிற்கிறதாம், பட்டியலில் ஒரு வைஃபையும் இல்லையாம். வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை என்று புரிந்தது. பென்டிரைவில் அதைப் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினேன்.

அவள் உம்மா சக்கீனா வாசலில் நாற்காலி போட்டார். திரைச்சீலைக்கு உள்ளே யுஸ்ரா, வெளியே நான்.

"நெக்ஸ்ட் பட்டன் மங்கிக் கெடக்கு, அண்ணாச்சி."

அழுகை இல்லை, அவசரமும் இல்லை. ரேஷன் அட்டை எண்ணைப் படிக்கிற குரல்.

"முதல்ல நெட் இல்லாமலே உள்ள போவணும், டிரைவரை அப்புறம் ஏத்தலாம். ஷிஃப்டையும் எஃப் பத்தையும் சேத்து அமுக்கும்மா. வரலைன்னா எஃப்என்னும் சேத்து."

"கறுப்பா ஒண்ணு வருது."

"ஓ, ஓ, பி, இ. அப்புறம் இடப்பக்கம் சாயுற கோடு. இடம் விடாம பைபாஸ்என்ஆர்ஓ. என்டர்."

லேப்டாப் அணைந்து மறுபடி வந்தது. நாடு, கீபோர்டு எல்லாம் திரும்பக் கேட்டது. பிறகு அவள் படித்தாள்: "ஐ டோன்ட் ஹேவ் இன்டர்நெட்."

"அதையே அமுக்கு."

"யார் இதை யூஸ் பண்ணப் போறான்னு பேரு கேக்குது. என்ன போட?"

மற்ற லேப்டாப்களில் இதையெல்லாம் கடையிலேயே முடித்துத்தான் கொடுப்பேன். இதில் மட்டும் விட்டு வைத்திருந்தேன்.

"யாசிர் சொல்லியிருந்தாவ. 'பேரை நீங்க போட்டுராதீங்க. அவ பொருள், அவளே போடட்டும்'னு."

சக்கீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேற என்ன சொன்னாஹ?"

முதல் தடவையாக யுஸ்ராவின் குரல் நடுங்கியது. ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். பாவி, எனக்கு வரவில்லை.

"வேற ஒண்ணும் சொல்லலம்மா."

உள்ளே விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"யுஸ்ரான்னு போட்டுட்டேன். இப்ப பாஸ்வேர்டு கேக்குது."

குரல் பழையபடி ஆகியிருந்தது. பென்டிரைவை சக்கீனாவிடம் நீட்டினேன். டிரைவர் ஏறி, போன் ஹாட்ஸ்பாட் பிடித்தபோது ஆறாக ஏழு நிமிஷம்.

செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து கேட்டது. "குட் ஈவ்னிங், சில்ட்ரன். மை நேம் இஸ் யுஸ்ரா."