பிரிஜட் தையலகம் மூடிய கதை

தன் தையல் கடை நொடித்துப்போன கதையை மாதாமாதம் மாதாகோயிலில் வெளியிடும் 'பங்கு மலர்' இதழுக்கு எழுதித் தரச் சம்மதித்தபோது, பிரிஜட் எதையும் மூடி மறைப்பதாக இல்லை. சிங்கப்பூர் ஜாலான் புசாரில் நடத்திய கடை படுத்தபின் ஜூரோங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள்.

எடுத்த எடுப்பிலேயே இப்படி எழுதினாள்: "1979 கிறிஸ்துமஸ் பூசையில் பாதிப் பெண்கள் பழைய ரவிக்கையோடு நின்றார்கள். காரணம் நான்."

தீபாவளித் துணிகளே தைத்து முடியாமல் கிடக்கையில், தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று கிறிஸ்துமஸ் துணிகளையும் வாங்கிப் போட்டதை எழுதினாள். ஆள் வைத்தால் தையல் கெட்டுவிடும் என்று வீம்பு பிடித்ததையும் விடவில்லை. "முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சிலர்தான் கோபித்திருப்பார்கள். சொல்லாததால் எல்லோரையும் இழந்தேன்" என்று தான் கற்ற பாடத்தோடு முடித்தாள்.

மலரைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜ் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, நல்லா இருக்கு. ஆனா 'நான்'னு வேணாம்லா. 'ஒரு சகோதரி'ன்னு மாத்திடுறேன். உங்களுக்குத்தானே சங்கடம்."

பிரிஜட்டுக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"எந்தச் சகோதரி? ராத்திரி பகலா மெஷின் மிதிச்சது அவளா? கடை திறந்தப்ப போர்டுல என் பேரைத்தான் போட்டேன். மூடின கதைக்கு மேலயும் அதே பேரைப் போடுங்க, தம்பி. சின்ன எழுத்துல வேணாம்."